#777 சாம்பல் எழுத்து: 4.48 தேறுமா, தேறாதா?

கதிர்_வெப்: "சனிக்கிழமை எங்க டெவலப்பர் சந்திப்புல ஸ்கிரீன் ரீடர், நிற வேறுபாடு பத்திப் பேசறேன். என்னென்ன கேள்வி வரும்? '#777 சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் போதும்'னு ஒரு ஸ்லைடு வெச்சிருக்கேன், சரியா?"

பழையகோடர்: போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதத்தைக் கணக்குப் போட்டால் 4.48 வருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். அந்த ஸ்லைடை வைத்தால் வரும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மின்மினி: 4.48ஐ முழுமையாக்கினா 4.5தானே? பத்து வருஷமா டிசைன் பண்றேன், இந்த 0.02க்காக யாரும் என்கிட்ட வந்து படிக்க முடியலன்னு சொன்னதில்ல.

பழையகோடர்: முழுமையாக்கக் கூடாது என்று வலை அணுகல் வழிகாட்டியான WCAG-இன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 4.499 கூடத் தேறாது. #767676 போடுங்கள், 4.54 வரும். படிக்க முடியாதவர் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார், பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

மின்மினி: #777க்கும் #767676க்கும் வித்தியாசம் உங்க கண்ணுக்குத் தெரியுதா? நேர்மையா சொல்லுங்க.

பழையகோடர்: தெரியவில்லை. அப்படியென்றால் மாற்றுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? 4.5 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். நல்ல பார்வைக்கு 3 போதும் என்று வைத்து, பார்வை 6/12 ஆகக் குறைந்தவர் இழப்பதை ஈடுகட்ட 1.5ஆல் பெருக்கியிருக்கிறார்கள். எண்பது வயதை ஒட்டியவர்களுக்கு அந்தப் பார்வை சாதாரணம். கண்ணாடிச் சீட்டில் 6/12 என்று எழுதியதை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

ராஜாமணி: ஒரு சந்தேகம். கண் தெரியாதவங்களுக்குத்தான் ஸ்கிரீன் ரீடர் வாசிச்சுக் காட்டுதே, அவங்களுக்கு நிறம் எதுக்கு?

பழையகோடர்: நிறம் பற்றிய பேச்சு அவர்களுக்காக இல்லை. பார்வை குறைந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணால்தான் படிக்கிறார்கள்.

ராஜாமணி: எங்கப்பா அப்படித்தான். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி, மதிய வெயில்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு டிக்கெட் ஆப்ல சீட் நம்பர் தேடினார். வெளிர் சாம்பல்ல இருந்துச்சு. பக்கத்துல நின்ன பையன்தான் படிச்சுச் சொன்னான்.

மின்மினி: வெயில்ல கறுப்பு எழுத்தே சரியா தெரியாது சார். அதுக்கு டிசைனரைக் குத்தம் சொல்லாதீங்க.

பழையகோடர்: வெளிர் சாம்பல் என்றால் #999 மாதிரி ஏதாவது இருக்கும். வெள்ளையில் அது 2.85தான், நிழலில் நின்றாலே சிரமம். போன வருஷம் நீங்கள் செய்த படிவமும் எனக்கு நினைவிருக்கிறது. தவறான கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர் எந்தக் கட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

மின்மினி: அந்தப் படிவத்தை எத்தனை தடவை இழுப்பீங்க? கிளையன்ட் கேட்டது அது.

யாழினி: நான் NVDA என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறேன். இவ்வளவு நேரமாக ஒரு சாம்பலைப் பற்றியே பேசுகிறீர்கள். நேற்று ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம் திறந்தேன். கட்டுரை முழுக்கத் தமிழ், என் காதில் விழுந்தது "2023", "500", அப்புறம் ஒரு ஆங்கிலப் பெயர். மீதி மௌனம். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் காரணம் முதல் வரியிலேயே இருந்தது:

```html
<html lang="en">
```

ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்தவர்கள் அதிலிருந்த "en"ஐ "ta" என்று மாற்றவில்லை. பக்கம் ஆங்கிலம் என்று நம்பி NVDA ஆங்கிலக் குரலுக்குப் போய்விட்டது. அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாண்டிவிட்டது. கதிர், இதை ஒரு கேள்வியாக வையுங்கள்.

மின்மினி: போன்ல அதுவே எழுத்தைப் பார்த்துத் தமிழ்க் குரலுக்கு மாறிடுமே?

யாழினி: சில போன்களில் மாறும். என் கணினியில் மாறவில்லை. எல்லோரும் உங்கள் போனை வைத்திருக்கவில்லை.

கதிர்_வெப்: யாழினி, ரொம்ப நன்றி, சேர்த்துக்கிறேன். பழையகோடர், நீங்க சொன்ன #767676ஐப் போட்டுட்டேன். ஆனா எங்க தளத்துல எழுத்து #f5f5f5 கார்டு மேல வருது, பரவாயில்லையா?

பழையகோடர்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! பின்னணி வெள்ளை இல்லை என்றால் கணக்கே மாறிவிடும். #f5f5f5 மேல் #777 4.11, #767676கூட 4.17தான். இரண்டும் தேறாது. #707070 வரை இறங்குங்கள், 4.54 கிடைக்கும். சோதனைக் கருவியில் எல்லோரும் பின்னணியை வெள்ளையாகவே விட்டுவிடுகிறார்கள்.

மின்மினி: பாத்தீங்களா, நீங்க கொடுத்த #767676உம் தேறல!

பழையகோடர்: வெள்ளைப் பின்னணி என்று அவர் சொன்னதற்கு நான் சொன்ன விடை அது. வெள்ளையில் #767676 தேறும், #777 தேறாது.

மின்மினி: வெள்ளையில 4.48, அதாவது 4.5. நான் சொன்னது சொன்னதுதான்.

பழையகோடர்: 4.48.

யாழினி: கதிர், அந்தக் கார்டில் இருக்கும் பொத்தான்களுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா, வெறும் ஐகான்தானா?