ரிப்பீட் ஆர்டருக்குக் கூலிக் கணக்கு: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, காஸ்டிங் பிரிவு
நாங்கள் கன்ட்ரோல் பேனல் கட்டித் தருகிறோம். ஒரு பேட்சுக்கு 10 பேனல். புது டிசைனில் முதல் பேட்சுக்கு வயரிங் வேலை 400 மணி நேரம் பிடித்தது. அதே பேனலில் இன்னும் மூன்று பேட்ச் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். இந்த மாதிரி வேலைக்கு எங்கள் பழைய பதிவேடுகளில் 80% கற்றல் வளைவு வந்திருக்கிறது. அதாவது மொத்த பேட்ச் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போது, அதுவரையான சராசரி நேரம் 80 சதவீதமாகிறது. 400, இரண்டு பேட்சுக்கு 320, நான்குக்கு 256.

விற்பனைப் பிரிவில் 256-ஐ மூன்றால் பெருக்கி 768 மணி நேரம் என்று கொட்டேஷன் தயாரித்துவிட்டார்கள். அந்த 256 நான்கு பேட்சுக்குமான சராசரி. அதற்குள் முதல் பேட்சின் 400-ம் இருக்கிறது, அதற்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்று. நான்குக்கும் சேர்த்து 1,024 மணி நேரம், அதில் 400 போனால் புது ஆர்டருக்கு 624 தான். மணிக்கு 180 ரூபாய் வீதம் வித்தியாசம் 25,920 ரூபாய். போட்டி இருக்கும் இடத்தில் இந்தத் தொகையிலேயே ஆர்டர் கைமாறிவிடும்.

ஓசூர், உற்பத்தி மேற்பார்வை
எங்களுக்கும் 80% தான் மேடம். முதல் பேட்ச் 500 மணி நேரம், இரண்டாவது 400. உங்கள் வழியிலேயே அடுத்த இரண்டு பேட்சுக்கும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

சென்னை, ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுன்டன்ட்
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. உங்களுடையது 80% இல்லை. இரண்டு பேட்சும் சேர்ந்து 900, சராசரி 450. அது 500-ல் 90 சதவீதம். இந்த முறையில் சதவீதம் சராசரிக்குத்தான், இரண்டாவது பேட்சின் நேரத்துக்கு இல்லை. 80% என்றே வைத்துப் போட்டுப் பாருங்கள்: நான்கு பேட்சுக்குச் சராசரி 320, மொத்தம் 1,280. ஏற்கெனவே செலவான 900 போனால் மீதி 380, பேட்சுக்கு 190. 400-ல் முடித்த ஆட்கள் அடுத்த பேட்சை 190-ல் முடிப்பார்களா? 90% என்று வைத்தால் சராசரி 405, மொத்தம் 1,620, மீதி 720. பேட்சுக்கு 360 என்பது நம்பும்படி இருக்கிறது.

தனித்தனி பேட்சின் நேரத்தையே சதவீதமாகக் குறைத்துப் போகும் இன்னொரு முறையும் உண்டு, அதுவும் சரியான முறைதான். 1936-ல் விமானத் தயாரிப்புச் செலவைப் பற்றி டி.பி. ரைட் என்ற பொறியாளர் எழுதியது சராசரி முறை. ஒன்றில் எடுத்த சதவீதத்தை மற்றதில் போடும்போதுதான் கணக்கு கெடுகிறது.

திருப்பூர், தையல் யூனிட்
எங்கள் யூனிட்டில் ரிப்பீட் ஆர்டர் வந்தால் கூலி குறைவதே இல்லையே? டெய்லருக்குப் பீஸ் ரேட். கை பழகினால் அவர் ஒரு நாளில் கூடுதல் பீஸ் தைக்கிறார், அவருக்கு வருமானம் கூடுகிறது. ஒரு பீஸுக்கு நான் கொடுப்பது அதேதான்.

கோவை, காஸ்டிங் பிரிவு
உண்மைதான் அண்ணா. மணிக்கணக்கில் சம்பளம் தரும் இடத்தில்தான் இந்தக் குறைவு முதலாளி கணக்கில் வரும். உங்களுக்கு டெலிவரி தேதி முன்னால் வருவதுதான் லாபம்.

அம்பத்தூர், எஸ்டிமேஷன்
மேடம், அந்த 400-ல் டெஸ்டிங் நேரமும் இருக்கிறதா? எங்களிடம் டெஸ்டிங் முதல் பேட்சுக்கும் பத்தாவது பேட்சுக்கும் ஒரே நேரம்தான் பிடிக்கும். அப்புறம், வாடிக்கையாளர் மூன்றுக்குப் பதில் இரண்டு பேட்ச் கேட்டால் என்ன செய்வீர்கள்? முதல் பேட்சோடு சேர்த்து மூன்று, அது இரட்டிப்பில் வராதே.

கோவை, காஸ்டிங் பிரிவு
டெஸ்டிங் தனி, 400 வயரிங் மட்டும். சேர்த்து எழுதியிருந்தால், அதில் 80 மணி நேரம் டெஸ்டிங் என்று வையுங்கள். மீதி 320-க்கு மட்டும் வளைவு போட்டால் அடுத்த மூன்று பேட்சுக்கு வயரிங் 499, டெஸ்டிங் 240, ஆக 739. 624 என்று ஒப்புக்கொண்டிருந்தால் நஷ்டம்தான். இரட்டிப்பில் வராத எண்ணிக்கைக்கு இது:

```
y = a × x^b
b = log(0.8) / log(2) = -0.322
```

இதில் a முதல் பேட்சின் நேரம், x மொத்த பேட்ச் எண்ணிக்கை, y அதுவரையான சராசரி. x = 3 என்றால் சராசரி சுமார் 281, மொத்தம் 842. முதல் 400 போக, இரண்டு பேட்சுக்கு 442 மணி நேரம்.

ஓசூர், உற்பத்தி மேற்பார்வை
சரி சார், 720 என்றே போடுகிறேன். ஆனால் அடுத்த ஆர்டர் எட்டு மாதம் கழித்துத்தான் வருமாம். வயரிங் ஆட்கள் நாலு பேரில் இரண்டு பேர் இப்போதே வேலையை விட்டுவிட்டார்கள். அப்போதும் 720 தானா?

சென்னை, ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுன்டன்ட்
அதற்கு இந்தச் சூத்திரத்தில் இடமில்லை. அதே ஆட்கள் இடைவெளி இல்லாமல் செய்தால்தான் வளைவு நிற்கும். நான் வரப்போகும் இரண்டு பேட்சையும் மூன்றாவது, நான்காவது என்று இல்லாமல் இரண்டாவது, மூன்றாவது என்று வைத்து, அதாவது பழகியதில் ஒரு படி இழந்ததாக எடுத்துக்கொண்டு, விலை போட்டிருப்பேன்.

அம்பத்தூர், எஸ்டிமேஷன்
எனக்கு அதில் உடன்பாடு இல்லை சார். வயரிங் படமும் கேபிள் கட்டிங் பட்டியலும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் புது ஆளும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார், கற்றது முழுக்க ஆளோடு போய்விடாது. ஓசூர்க்காரர் முதலில் அந்த இரண்டு பேர் எந்த வேலையைச் செய்தார்கள் என்று சொல்லட்டும்.