டெய்லி சார்ட்டில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ்: எந்தக் கோட்டை விடுவது, எதை வைப்பது?

டவுன் கடைக்காரன்
விலை இறங்கி நிற்கும் சப்போர்ட்டுக்கும் ஏறி முட்டும் ரெசிஸ்டன்ஸுக்கும் நிஃப்டி டெய்லி சார்ட்டில் கோடு போட உட்கார்ந்தால் திரை முழுக்கக் கோடாகிவிடுகிறது. விலை எங்கே திரும்பினாலும் பக்கத்தில் ஏதோ ஒரு கோடு இருக்கிறது, ஆனால் நாளைக்கு எது நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. சின்ன அசைவுகளை விட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் எப்படிப் பிடிப்பது? 2022-இல் 18,000 பக்கம் நடந்ததை வைத்துச் சொன்னால் புரியும்.

வள்ளியூர் காற்று
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கோடு போடாதீர்கள், பட்டையாகப் போடுங்கள். 2021 அக்டோபரில் 18,604 வரை போய்த் திரும்பியது. 2022 ஜனவரியில் 18,351, ஏப்ரலில் 18,115. 18,000 முதல் 18,600 வரை ஒரே பட்டை, முடிந்தது கதை. எத்தனை தடவை தொட்டிருக்கிறதோ அத்தனை பலம். தாமிரபரணி வெள்ளம் வந்து போனால் சுவரில் கறை நிற்கும் பாருங்கள், அந்த மாதிரி.

தென்காசி சாரல்
பட்டை என்பது சரி. ஆனால் 600 புள்ளிப் பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அன்றைக்கு நிஃப்டியின் 14 நாள் ஏடிஆர், அதாவது ஒரு நாளில் விலை ஏறி இறங்கும் சராசரி அகலம், ஏறக்குறைய 200. மூன்று நாள் நடைக்குச் சமமான அகலம் அது. விலை உள்ளே போய் ஒரு வாரம் சுற்றிவிட்டு வெளியே வந்தாலும் "பட்டை வேலை செய்தது" என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பாகவே போக முடியாத பட்டையால் பிரயோஜனம் இல்லை.

கடைக்காரருக்கு என் வழி இது. எது உச்சி என்பதைக் கண்ணிடம் விடாதீர்கள். ஒரு நாளின் ஹை, அதற்கு முந்தைய 10 கேண்டில், பிந்தைய 10 கேண்டில் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தால்தான் அது உச்சி. இந்தச் சல்லடையில் போட்டால் 2022-இல் செப்டம்பர் வரை 18,000-ஐ ஒட்டித் தேறுவது நான்குதான்: ஜனவரி 18,351, ஏப்ரல் 18,115, ஆகஸ்ட் 17,992, செப்டம்பர் 18,096. மற்ற மேடு பள்ளமெல்லாம் தானாக உதிர்ந்துவிடும்.

அடுத்தது, ஒரு ஏடிஆருக்குள் கிடக்கும் உச்சிகளை மட்டும் சேர்க்க வேண்டும். ஏப்ரல், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் 123 புள்ளிக்குள் இருக்கின்றன. பட்டை 17,990 முதல் 18,115 வரை. ஜனவரி உச்சி 236 புள்ளி மேலே இருக்கிறது, அதை இதில் இழுத்துப் போடக் கூடாது. அது தனி.

அம்பை வயல்
எனக்கும் இதே பிரச்சினைதான். ஒரு கம்பெனிப் பங்கில் 900-இல் அருமையாக சப்போர்ட் போட்டு வைத்திருந்தேன். திடீரென்று 450-க்கு வந்துவிட்டது. சப்போர்ட் உடைந்தது என்று விற்றுவிடலாமா?

தென்காசி சாரல்
வயல், விற்பதற்கு முன்னால் கம்பெனி 1:1 போனஸ் கொடுத்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் விலை பாதியாகத்தான் தெரியும், உங்கள் கையில் பங்கு இரட்டிப்பாகியிருக்கும். சார்ட் பழைய விலைகளைத் தானே சரிசெய்துவிடும்; நீங்கள் கையால் போட்ட கோடு பழைய 900-லேயே நிற்கும். அதை 450-க்கு இறக்குங்கள். ஆனால் கடைக்காரர் கேட்டது இது இல்லை.

பேட்டை வாத்தியார்
எல்லாம் நடந்த பிறகு பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாணயத்தை 250 தடவை சுண்டுங்கள். தலை விழுந்தால் ஒன்று கூட்டுங்கள், பூ விழுந்தால் ஒன்று கழியுங்கள், அதை வரைபடமாக்குங்கள். அதிலும் சாரல் சொல்லும் சல்லடையைப் போட்டால் உச்சி கிடைக்கும், ஒன்றிரண்டு ஒரே உயரத்திலும் கிடைக்கும். அதற்குப் பெயர் ரெசிஸ்டன்ஸா?

இன்னொன்று. செப்டம்பர் 15-ஆம் தேதியின் உச்சி உச்சிதான் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியாது. பின்னால் 10 கேண்டில் வந்த பிறகுதான் தெரியும். அதையும் சேர்த்து வரைந்துவிட்டு "செப்டம்பரில் பட்டை பிடித்தது" என்றால், விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதிய மாதிரி ஆகாதா?

தென்காசி சாரல்
சார் சொன்ன இரண்டாவது விஷயம் நூற்றுக்கு நூறு சரி. பலர் ஏமாறுவது அங்கேதான். டிரேடிங்வியூவில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
//@version=5
indicator("Pivot", overlay=true)
n = 10
ph = ta.pivothigh(n, n)
plotshape(not na(ph), style=shape.triangledown, location=location.abovebar, offset=-n)
```

கடைசியில் `offset=-n` இருக்கிறதே, அது முக்கோணத்தை 10 கேண்டில் பின்னால் தள்ளி உச்சியின் தலையில் வைக்கிறது. பார்ப்பவருக்கு அன்றைக்கே தெரிந்த மாதிரி இருக்கும். அதை `offset=0` ஆக்கினால் உண்மையில் என்றைக்குத் தெரியவந்தது என்பது புரியும்.

இந்தக் கணக்கிலும் 2022 நிற்கிறது. ஆகஸ்ட் 19-இன் உச்சி செப்டம்பர் முதல் வாரத்திலேயே உறுதியாகிவிட்டது. ஏப்ரல் உச்சி எப்போதோ தெரிந்தது. ஆகவே செப்டம்பர் உச்சி இல்லாமலேயே 17,990–18,115 பட்டையை வரைந்து பூட்டியாகிவிட்டது. செப்டம்பர் 13 அன்று 18,070-இல் முடிந்தது, பட்டைக்குள். 16 அன்று 17,531-இல் முடிந்தது. பட்டையின் அடியிலிருந்து ஒரு ஏடிஆருக்கு மேல் கீழே. அதைத்தான் நான் "பிடித்தது" என்பேன். மேல்பக்கம் அரை ஏடிஆர் தாண்டி முடிந்திருந்தால் "உடைந்தது" என்று எழுதியிருப்பேன். இரண்டையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

டவுன் கடைக்காரன்
அண்ணாச்சி, ஏன் 10? 7 வைத்தால் என்ன, 20 வைத்தால் என்ன?

தென்காசி சாரல்
10-இல் மந்திரம் எதுவும் இல்லை. மாற்றிப் பார்ப்பதுதான் சோதனையே. 20 ஆக்கினால் ஆகஸ்ட் உச்சி காணாமல் போகும், ஏனென்றால் செப்டம்பர் 13 அதைத் தாண்டிவிட்டது. ஏப்ரலும் செப்டம்பரும் அப்படியே நிற்கும். பட்டை நன்றாக ஒடுங்குமே தவிர இடம் மாறாது. 10-ஐ 12 ஆக்கியதும் ஒரு பட்டை சுத்தமாக மறைந்துவிட்டால், அது சந்தையில் இருந்ததில்லை, உங்கள் எண்ணில் இருந்தது. அழித்துவிடுங்கள். 3, 4 என்று குறைத்துக்கொண்டே போனால் பழைய கோட்டுக் காடுதான் திரும்ப வரும்.

வள்ளியூர் காற்று
அப்படியானால் மூன்று தடவை தொட்டது பலம்தானே? நான் சொன்னதும் அதுதான்.

தென்காசி சாரல்
மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்து தொட்டால் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒரே வாரத்தில் மூன்று தடவை முட்டினால் அது மூன்று அல்ல, ஒன்று. அப்புறம், ஆற்றுக் கறை சுவரை விட்டு நகராது. இங்கே விற்கக் காத்திருந்தவர்கள் விற்று முடித்துவிட்டால் அடுத்த தடவை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பேட்டை வாத்தியார்
அதற்கும் 2022-லேயே சாட்சி இருக்கிறது. டிசம்பர் 1 அன்று 18,888 வரை போனது. உடைந்த ரெசிஸ்டன்ஸ் சப்போர்ட் ஆகும் என்பார்களே, டிசம்பர் 23 அன்று உங்கள் பட்டையைத் துளைத்துக்கொண்டு 17,807-இல் முடிந்தது. ஒரு தடவை பிடித்தது, ஒரு தடவை விட்டது. என் நாணயமும் அதைத்தான் செய்யும்.

தென்காசி சாரல்
ஒரு பட்டையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது சார். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் 2000-இல் கேரல் ஆஸ்லரின் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்த சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் அளவுகளையும் மனம்போன போக்கில் எடுத்த அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறிவித்தவற்றில் விலை திரும்பியது அதிகம்.

பேட்டை வாத்தியார்
அது அந்நியச் செலாவணிச் சந்தை, அதுவும் நாளுக்குள் நடக்கும் அசைவு. நிஃப்டி டெய்லிக்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். ஆனால் முறை நல்ல முறை. கடைக்காரர் அதையே செய்யட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் துணையாக, சீட்டுக் குலுக்கி வரும் இடத்தில் அதே அகலத்தில் இன்னொரு பட்டை போடட்டும். இரண்டுக்கும் ஒரே விதியில் பிடித்ததா, உடைந்ததா என்று எழுதட்டும். சாரலின் பட்டை ஜெயித்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

அம்பை வயல்
போனஸ்தான். டீமேட்டில் பங்கு இரட்டிப்பாகியிருக்கிறது. விற்கவில்லை.

டவுன் கடைக்காரன்
ரீப்ளேயில் 2019-க்குப் போய் அங்கிருந்து முன்னால் வரப்போகிறேன். ஒரு சந்தேகம்: 2020 மார்ச்சில் 7,511 வரை விழுந்தபோது ஏடிஆர் பல மடங்கு ஏறியிருக்குமே, அப்போது பட்டையின் அகலத்தை எந்த நாள் ஏடிஆரை வைத்துப் போடுவது? உச்சி அமைந்த நாளா, நான் வரையும் நாளா?

தென்காசி சாரல்
நான் உச்சி அமைந்த நாளையே எடுக்கிறேன். வரையும் நாளை எடுப்பவர்களும் உண்டு. மார்ச் 2020 மாதிரி மாதத்தில் இரண்டுமே இடிக்கும்.

பேட்டை வாத்தியார்
எதையாவது ஒன்றை எடுங்கள். ஆரம்பிக்கும் முன்பே எடுங்கள்.