குடும்ப வீடியோக்களைப் பூட்டி கிளவுடில் வைப்பது: ரெக்கவரி கீ பற்றி ஓர் உதவி

நண்பர்களே, நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். பாட்டி பேசியது, குழந்தைகள் குளிப்பது என்று வெளியே போகக்கூடாத வீடியோக்கள் 80 ஜிபி இருக்கின்றன. பூட்டிய பிறகுதான் கிளவுடில் ஏற்ற வேண்டும்.

வெராகிரிப்டில் ஒரே பெரிய கன்டெய்னர் செய்து பார்த்தேன். புது வீடியோ சேர்த்தாலும் கிளவுட் ஆப் கண்டுகொள்ளவில்லை. கன்டெய்னருக்குள் எழுதினாலும் கன்டெய்னர் ஃபைலின் தேதி மாறாமல் வெராகிரிப்ட் வைத்திருக்கிறது. Preferences-இல் `Preserve modification timestamp of file containers` டிக்கை எடுத்ததும் சரியானது. ஆனால் இப்போது ஒரு சின்ன வீடியோவுக்கும் 80 ஜிபி முழுக்க மறுபடி ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகப் பூட்டும் கிரிப்டோமேட்டருக்கு மாறப் போகிறேன்.

அதில் 44 சொற்கள் கொண்ட ரெக்கவரி கீ கிடைக்கும். பாஸ்வேர்டு மறந்தால் அதை வைத்துப் புதிது போடலாம். கீ யார் கையில் கிடைத்தாலும் வீடியோக்களைத் திறந்துவிடலாம், அதனால் அதே கிளவுடில் வைப்பதாக இல்லை. போனில் படம் எடுத்தால் அதுவும் தானாகக் கிளவுடுக்குப் போய்விடும்.

கீயைத் தாளில் எழுதி, பாதியை பேங்க் லாக்கரிலும் பாதியைத் தக்கலையில் அக்கா வீட்டிலும் வைக்கச் சொல்கிறார் அண்ணன். ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போச்சே என்பது என் பயம். முழு கீயையே இரண்டு இடத்திலும் ஒட்டிய கவரில் வைப்பது நல்லதா? நம்மூர் மழை ஈரத்தில் தாளும் மையும் பல வருடம் தாங்க என்ன செய்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.