தாத்தாவின் பாக்கெட் வாட்ச்: சாவி முழுசா ஏறியிருக்கு, ஆனா ஓடலை

பேரன்14
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாகிட்ட ஒரு பாக்கெட் வாட்ச் இருக்கு. சாவி கொடுக்கிற வகை, 15 கல், ஆறு மணி இடத்துல தனியா ஒரு குட்டி விநாடி முள். ரொம்ப வருஷமா நின்னே கிடக்கு. சாவி கொடுக்கிற குமிழ், அதான் கிரவுன், அதைத் திருகினா கொஞ்சம்கூட நகரலை, இறுகிப் போயிருக்கு. பின்மூடியைத் திறந்து பார்த்தேன். துரு எதுவும் தெரியலை, உடைஞ்ச மாதிரியும் இல்லை. லேசா ஆட்டினா பாலன்ஸ் வீல் நாலஞ்சு தடவை ஆடிட்டு நின்னுடுது. தாத்தா சம்மதிச்சுட்டார், "நீயே பாரு"ன்னு சொல்லிட்டார். ஸ்க்ரூ டிரைவர் செட்டு, இடுக்கி, கண்ணுல வைக்கிற லென்ஸ் மூணும் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பழசுபிரியன்
இது சாவியை அளவுக்கு மீறி முறுக்கினதால வந்த கோளாறு. ஸ்பிரிங் இறுகி மாட்டிக்கிச்சு. உள்ள எண்ணெயும் காய்ஞ்சிருக்கும். துரு விடவைக்கிற ஸ்பிரே இருந்தா ஒரு அடி அடிச்சு, நல்லா ஆட்டி விடு. என் அலாரம் கடிகாரம் அப்படித்தான் ஓடுச்சு.

இடுக்கிமுனை
தம்பி, ஸ்பிரே வேண்டாம். பழசுபிரியன் சொன்னதுல எண்ணெய் காய்ஞ்சிருக்கும்ங்கிறது பெரும்பாலும் சரிதான். ஆனா ஸ்பிரே அடிச்சா, பாலன்ஸை ஆட்டிவைக்கிற மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கோட சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் ஓடினாலும் கண்டபடி வேகமா ஓடும்.

"அளவுக்கு மீறி முறுக்கிட்டாங்க"ன்னு எல்லாரும் சொல்றதுதான். நான் கை வச்ச வாட்ச்ல பாதி அந்தப் பேச்சோடதான் மேசைக்கு வந்துச்சு. முழுசா ஏறி நிக்கிற சாவி ஒரு கோளாறே இல்லை. ஸ்பிரிங் அறுந்திருந்தா கிரவுன் முடிவே இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும். உன்னுது இறுகி நிக்குதுன்னா ஸ்பிரிங் முழுசா இருக்கு, அதுல சக்தியும் இருக்கு. அந்தச் சக்தி பாலன்ஸ் வரைக்கும் வந்து சேரலை. எந்த இடத்துல தடைபடுதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. வாட்சை டயல் மேல பார்க்கிற மாதிரி, கீழ பார்க்கிற மாதிரி, செங்குத்தா, மூணு விதமாவும் பிடிச்சு ஆட்டு. பாலன்ஸ் மூணுலயும் ஒரே மாதிரி ஆடுதா? அப்புறம், நின்னுபோறதுக்கு முன்னாடி வாட்ச் எப்படி நடந்துக்கிச்சுன்னு தாத்தாகிட்ட கேட்டு எழுது.

நிலாமுற்றம்
எனக்கும் இதே பிரச்சினை. புது பேட்டரி போட்டும் பாக்கெட் வாட்ச் ஓடலை. சாவி எங்க இருக்குன்னே தெரியலை.

இடுக்கிமுனை
அம்மா, உங்களுது பேட்டரி வாட்ச், அதுல சாவியே கிடையாது. பேட்டரி தொடுற தகடு வளைஞ்சிருக்கா, பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. தனியா ஒரு இழை போடுங்க, அங்க வந்து பார்க்கிறேன்.

பேரன்14
ஐயா, மூணு விதமாப் பிடிச்சாலும் ஒரே மாதிரிதான் ஆடுது. தாத்தா சொன்னது: "தினமும் காலையில எழுந்ததும் சாவி கொடுப்பேன். கடைசி சில வருஷம் நடுவுல நடுவுல நிக்கும். கையில வச்சு லேசா ஆட்டினா மறுபடி ஓடும். அப்புறம் ஆட்டினாலும் ஓடலை."

இடுக்கிமுனை
பாதி வேலையைத் தாத்தாவே முடிச்சுட்டார். பாலன்ஸ் அச்சோட முனை உடைஞ்சிருந்தா ஏதாவது ஒரு நிலையில ஆட்டம் கெட்டிருக்கும். இங்க அப்படி இல்லை. கீழ விழுந்து நின்ன வாட்சும் இல்லை இது, கொஞ்சம் கொஞ்சமா வலு குறைஞ்சு நின்னது. எங்கேயோ ஒரு சக்கரம் இறுகிப்போய்க் கிடக்கு.

இப்ப முதல் வேலை சாவியை இறக்கறது. இதைச் செய்யாம ஒரு திருகாணியைக்கூடத் தொடாதே. முழுச் சாவியோட, சக்கரங்களை நிறுத்தி நிறுத்தி விடுற பேலட்டைக் கழட்டினா, சக்கரமெல்லாம் ஒரே நொடியில தறிகெட்டுச் சுத்தி, பல்லோ அச்சுமுனையோ போயிடும். கிரவுனுக்குப் பக்கத்துல பெரிய பல்சக்கரம் தெரியுதா? அதைப் பின்னாடி போகாம பிடிச்சிருக்கிற சின்ன நாக்குதான் கிளிக். முதல்ல கிரவுனை ரெண்டு விரலால கெட்டியாப் பிடிச்சுக்கோ. அப்புறம் பல்குச்சியால கிளிக்கை விலக்கு. கிரவுன் உன் விரலைத் தள்ளும். திடீர்னு விட்டுடாதே, விரலுக்கு நடுவுல மெதுவா வழுக்க விடு. தள்றது நிக்கிற வரைக்கும் இதையே செய்.

பேரன்14
இறக்கிட்டேன் ஐயா. இவ்வளவு வலு இருக்கும்னு நினைக்கலை, விரல் சிவந்துடுச்சு. சாவி இறங்குற சத்தம் கேட்டுத் தாத்தா எட்டிப் பார்த்தார்.

இடுக்கிமுனை
நல்லது. இனி ஒவ்வொரு படியிலயும் முதல்ல ஒரு போட்டோ, அப்புறம்தான் கை. பாலன்ஸை மேல இருந்து பிடிச்சிருக்கிற தகட்டுல ஒரே ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழட்டி, தகட்டோட சேர்த்து பாலன்ஸைத் தூக்கு. பாலன்ஸ் ஹேர் ஸ்பிரிங்ல தொங்கும், ஆட விடாதே. அப்படியே மல்லாத்திக் காகிதத்து மேல வை.

அடுத்து கிரவுனை ரெண்டு கிளிக் மட்டும் ஏத்து. பேலட்டோட வாலை ஊசி முனையால ஒரு பக்கம் லேசா தள்ளு. நல்ல வாட்ச்னா பாதி தள்ளுறதுக்குள்ள அது தானாவே டக்குனு அந்தப் பக்கம் பாயும். என்ன ஆகுதுன்னு எழுது.

பேரன்14
பாயலை ஐயா. தள்ளின தூரம் வரைக்கும்தான் போகுது. சில சமயம் பழைய இடத்துக்கே திரும்பி வருது.

இடுக்கிமுனை
அப்ப பேலட் வரைக்கும் சக்தி வரலை. பாலன்ஸ் மேல இருந்த சந்தேகம் தீர்ந்துச்சு. தடை அதுக்கு முன்னாடி இருக்கு. மறுபடி சாவியை முழுசா இறக்கு. பேலட்டை மேல பிடிச்சிருக்கிற தகடுதான் பேலட் பிரிட்ஜ், அதைக் கழட்டி பேலட்டை எடு. இப்ப ஒவ்வொரு சக்கரத்தையும் ஆரத்துல இடுக்கியால பிடிச்சு மேல கீழ அசைச்சுப் பாரு. மயிரிழை அளவு ஆட்டம் ஒவ்வொண்ணுலயும் இருக்கணும்.

பேரன்14
பேலட்டுக்கு அடுத்த எஸ்கேப் வீல் ஆடுது. நாலாவது சக்கரம் ஆடுது. மூணாவது அசையவே மாட்டேங்குது. அதோட மேல்கல்லைச் சுத்தி பழைய பசை மாதிரி பச்சையா ஏதோ இறுகியிருக்கு. போட்டோ போட்டிருக்கேன்.

இடுக்கிமுனை
கிடைச்சது. அந்தப் பச்சை பழைய எண்ணெய். பித்தளையோட சேர்ந்து காய்ஞ்சு அப்படி ஆயிடும். ஸ்பிரிங் தள்ளுற தள்ளுல மூணாவது சக்கரத்துலயே எல்லாம் நின்னுபோகுது. தாத்தா ஆட்டினப்ப அந்த உதறல்தான் சக்கரத்தைக் கொஞ்சம் விடுவிச்சிருக்கு.

பழசுபிரியன்
அப்ப மேலயே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டா இளகிடாதா? எதுக்கு எல்லாத்தையும் பிரிக்கணும்?

இடுக்கிமுனை
இளகும், ரெண்டு நாள் ஓடவும் ஓடும். புது எண்ணெயும் பழைய பசையும் கலந்து மாவு மாதிரி அரைச்சு அச்சுமுனையைத் தேய்ச்சுடும். தையல் மெஷின் எண்ணெய் விட்ட இடத்துல நிக்காது, தகடு முழுக்கப் பரவிடும். வாட்ச் எண்ணெய்தான் கல் குழியிலயே நிக்கும்.

தம்பி, வாட்சைக் கேஸ்ல இருந்து எடு. டயல் கீறாம மேல பிளாஸ்டிக் தாள் வச்சு முள்ளுகளைக் கழட்டு, அப்புறம் டயல். விநாடி முள்ளை மறந்துடாதே. அது நாலாவது சக்கரத்தோட நீண்ட அச்சுல உட்கார்ந்திருக்கு. முள்ளோட சேர்த்துச் சக்கரத்தைத் தூக்கினா அச்சு ஒடியும். அப்புறம் பிரிட்ஜைக் கழட்டி மூணு சக்கரத்தையும் எடு. நாப்தால ஊறவிட்டு மெல்லிய பிரஷால தேய். ஜன்னலைத் திறந்து வை, நெருப்பு பக்கத்துல இருக்கக் கூடாது, வீட்டுல பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும். கல் துளைகளுக்குப் பல்குச்சியை ஊசியாச் சீவி, நாப்தால நனைச்சு உள்ள விட்டுத் திருகு. குச்சி சுத்தமா வெளியே வர்ற வரைக்கும் புதுப்புதுக் குச்சி மாத்திக்கிட்டே இரு.

பேரன்14
முடிச்சுட்டேன் ஐயா. மூணாவது துளையில முதல் குச்சிகள் கறுப்பாவே வந்துச்சு. அச்சுமுனையை லென்ஸ்ல பார்த்தேன், ஒரு மெல்லிய கோடு தெரியுது. மத்தபடி பளபளன்னு இருக்கு. இப்ப பிரிட்ஜைப் பொருத்தணும். கை நடுங்குது.

இடுக்கிமுனை
நடுங்கினா இன்னிக்கு மூடி வச்சுட்டு நாளைக்கு எடு. அச்சுமுனை உடையுறது பெரும்பாலும் இந்தப் படியிலதான். பிரிட்ஜை மேல வச்சதும் திருகாணியை முறுக்கிடாதே. பிரிட்ஜ் மேல விரல் நகத்தை வச்சிக்கோ, அழுத்தாதே. இடுக்கியால ஒவ்வொரு அச்சுமுனையையும் அதோட கல்லுக்குள்ள நகர்த்து. மூணும் உட்கார்ந்ததும் பிரிட்ஜ் தானா கீழ இறங்கும். அப்ப திருகாணியைக் கால் சுத்து கொடு, ஒரு சக்கரத்தைத் தொட்டுப் பாரு. எல்லாம் சேர்ந்து சுத்தினா இன்னொரு கால் சுத்து. ஏதாவது ஒண்ணு நின்னா உடனே திருகாணியைத் தளர்த்திடு. அந்த மெல்லிய கோட்டை இப்ப தொட வேண்டாம், அதுக்கு வேற கருவி வேணும்.

பேரன்14
ஐயா! பேலட் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கிளிக் ஏத்தினேன். எல்லாச் சக்கரமும் சத்தமில்லாம சுத்துச்சு. நிக்கும்போது எஸ்கேப் வீல் கொஞ்சம் பின்னாடி போய் நின்னுச்சு. அது தப்பா?

இடுக்கிமுனை
தப்பே இல்லை, அதைத்தான் எதிர்பார்த்தேன். பின்னாடி போகுதுன்னா தடை எதுவும் இல்லைன்னு அர்த்தம். இப்ப கல் குழிகள்ல எண்ணெய். பாதிக் குழி நிறைஞ்சா போதும். குழியைத் தாண்டி வழிஞ்சா துடைச்சுட்டு மறுபடி வை. பேலட்டோட அச்சுமுனைக்கும் ஹேர் ஸ்பிரிங்குக்கும் எண்ணெய் கிடையவே கிடையாது. பேலட்டைப் போட்டு, ரெண்டு கிளிக் ஏத்தி, வாலைத் தள்ளிப் பாயுதான்னு பாரு. அப்புறம் பாலன்ஸ்.

பேரன்14
டக் டக்குனு பாய்ஞ்சுது! பாலன்ஸ் போட்டதும் தொடக்கூட வேண்டியிருக்கலை, தானாவே ஓடுது. தாத்தாவுக்குக் காது சரியாக் கேக்காது, அதனால தாடையெலும்புல ஒட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நன்றி ஐயா.

நேத்துல இருந்து பார்க்கிறேன். டயல் மேல பார்க்கப் படுக்க வச்சா ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் போல முன்னாடி போகுது. சங்கிலில தொங்கவிட்டா அஞ்சு நிமிஷம் போல பின்தங்குது. முழுச் சாவிக்கு 20 மணி நேரம்தான் ஓடுது.

பழசுபிரியன்
20 மணி நேரம்னா ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. 30 மணி நேரத்துக்கு மேல ஓடணும். புதுசு வாங்கிப் போட்டா ரெண்டு பிரச்சினையும் தீரும்.

இடுக்கிமுனை
ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அதை மறுக்கலை. பழைய எஃகு ஸ்பிரிங் அப்படி ஆகும். ஆனா தொங்கும்போது மட்டும் பின்தங்குறதை ஸ்பிரிங் தலையில மட்டும் கட்ட முடியாது. படுத்திருக்கும்போது பாலன்ஸ் அச்சோட ஒரே ஒரு முனைமேல சுத்துது. தொங்கும்போது ரெண்டு முனையும் பக்கவாட்டுல உரசும். அங்க இருக்கிற பழைய எண்ணெயை நாம தொடவே இல்லை, அச்சுமுனையை மூடியிருக்கிற மூடுகல்லுக்கு அடியில அப்படியேதான் இருக்கு. எனக்கு அதுமேலதான் சந்தேகம்.

பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. முழுச் சாவி கொடுத்து, தொங்கவிட்டு, முதல் ஆறு மணி நேரத்துல எவ்வளவு பின்தங்குதுன்னு குறிச்சுக்கோ. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் இன்னொரு ஆறு மணி நேரம் குறி. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா மூடுகல் பக்கம் போகலாம். பின்னாடி குறிச்சது ரொம்ப அதிகமா இருந்தா பழசுபிரியன் சொன்ன பக்கம். ஸ்பிரிங் சுருண்டிருக்கிற பேரலை மட்டும் நீயாத் திறக்காதே தம்பி, அது முகத்துல தெறிக்கும்.

பேரன்14
சரி ஐயா. நாளைக்குக் காலையில தாத்தா சாவி கொடுக்கிறப்பவே ஆரம்பிக்கிறேன். கணக்கை இங்கேயே போடுறேன்.