தாத்தா கையில் இருப்பது பிக்காசா, வேறு ஏதாவதா? போட்டோ மட்டும்தான் இருக்கிறது

புளியரைப் பேத்தி
எங்கள் தாத்தா செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் கேங்மேனாக இருந்தவர். பகவதிபுரம் பக்கம் லைனில் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் வீட்டில் கிடைத்தது, பின்னால் பென்சிலில் 1967 என்று எழுதியிருக்கிறது. ஆறு பேர் தண்டவாளத்தில் நிற்கிறார்கள். தாத்தா வலது ஓரம், காக்கி அரை டவுசர், தலையில் துண்டு, ஒரு கையை நீளமான கைப்பிடி போட்ட இரும்புச் சாமானின் மேல் ஊன்றியிருக்கிறார். அதன் தலை கீழே ஜல்லியில் இருக்கிறது. ஒரு பக்கம் நீண்டு கூராகப் போகிறது, மறுபக்கம் கட்டையாக முடிகிறது. சாமான் இப்போது இல்லை, பழைய வீட்டை இடித்தபோது இரும்பு வியாபாரியிடம் போய்விட்டது. அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குப் படத்தைப் பெரிதாக்கி மாட்டப் போகிறோம், கீழே இரண்டு வரி எழுத வேண்டும். தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்துக் கூகுளில் தேடினால் பிக்காசு என்கிறது. எனக்கு என்னவோ சுத்தியல் போலவும் தெரிகிறது. யாருக்காவது தெரியுமா?

கடையநல்லூர் பட்டறை
சந்தேகமே வேண்டாம் அக்கா, குந்தாலிதான். நாங்கள் மூன்று தலைமுறையாக அடித்துக் கொடுக்கிறோம். ஒரு முனை கூர், ஒரு முனை பட்டை. பட்டை முனை கல்லில் கொத்திக் கொத்தி நசுங்கியிருக்கும், அதனால்தான் கட்டையாகத் தெரிகிறது.

தென்மலை மரவேலை
எனக்கு வாச்சி போலத் தோன்றுகிறது. மரம் செதுக்குகிறவர்கள் முதலில் பார்ப்பது வாய் எந்த வாக்கில் இருக்கிறது என்பதைத்தான். கைப்பிடியோடு ஒரே வாக்கில் இருந்தால் கோடாலி, குறுக்கே இருந்தால் வாச்சி. இதில் குறுக்கே இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ரயில்வேயில் அப்போது மரக்கட்டை ஸ்லீப்பர் உண்டு, தண்டவாளம் உட்காருகிற இடத்தைச் செதுக்கித்தான் ஆக வேண்டும்.

கொல்லங்கோடு கணேசன்
என் மம்பட்டிக் கணை போன வாரம் உடைந்துவிட்டது, கருவேலத்தில் போட்டால் நிற்குமா, வேறு மரம் இருக்கிறதா? கடையில் விற்பது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

பழைய தண்டவாளம்
கணேசன், அது தனிக் கதை, தனியாகக் கேளுங்கள்.

பேத்தி, முதலில் அந்த வெட்டிய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுப் படத்தையும் எடுங்கள். சாமானை மட்டும் வெட்டியதால்தான் இந்தக் குழப்பம். சுற்றி இருக்கிற தண்டவாளம், ஸ்லீப்பர், பக்கத்து ஆள் கையில் இருப்பது எல்லாம் சாட்சிகள், அவற்றை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்தினால் எப்படி? பாதைப் பராமரிப்பில் 31 வருடம் இருந்தவன் நான். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் இப்போது பேர் சொன்னால் நீங்கள் அதையேதான் படத்தில் பார்ப்பீர்கள். அதனால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டையான முனை தண்டிலிருந்து மெதுவாக விரிகிறதா, சட்டென்று படி வைத்த மாதிரி விரிகிறதா? தாத்தாவின் கால் பக்கத்து ஸ்லீப்பர் மரமா, இரும்பா? மரமென்றால் முனை சதுரமாக வெட்டியிருக்கும், இரும்பென்றால் கவிழ்த்த தொட்டி போல முனை கீழே மடங்கியிருக்கும். அப்புறம், ஸ்கேல் வைத்து அளவு எடுங்கள். மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1000 மில்லிமீட்டர். படத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் கிடக்கிறது.

புளியரைப் பேத்தி
கடையில் கொடுத்து நன்றாக ஸ்கேன் எடுத்துவிட்டேன், செல்லில் எடுத்ததில் பளபளப்பு விழுந்து பாதி மறைந்திருந்தது. காமிராக்காரர் லைனுக்கு நடுவில் நின்று நேராக எடுத்திருக்கிறார். தாத்தாவின் சாமான் ஊன்றியிருக்கும் இடத்தில் தண்டவாள இடைவெளி பிரிண்டில் 69 மி.மீ., கைப்பிடி உயரம் 56 மி.மீ. அப்படியென்றால் கைப்பிடி 81 செ.மீ. சரியா? ஸ்லீப்பர் முனை மடங்கித்தான் இருக்கிறது, இரும்பு. படி வைத்த மாதிரியா என்று தெரியவில்லை, தாத்தாவின் சாமான் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது.

பழைய தண்டவாளம்
69 எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? கேஜ் என்பது உள்விளிம்புக்கு உள்விளிம்பு. வெளிவிளிம்பில் வைத்து அளந்தால் இரண்டு தண்டவாளத் தலையின் அகலமும் சேர்ந்துவிடும், பத்தில் ஒரு பங்கு பிசகும்.

புளியரைப் பேத்தி
அய்யோ, ஆமாம் அய்யா, வெளியிலிருந்துதான் அளந்தேன். உள்ளே 62. கைப்பிடி 56. அப்போது 90 செ.மீ. வருகிறது. தலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 31 மி.மீ., அதாவது அரை மீட்டர்.

பழைய தண்டவாளம்
இப்போது சரி. சாமானும் நீங்கள் அளந்த இடமும் காமிராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பின்னால் இருக்கும் தண்டவாளத்தில் அளந்தீர்களானால் தாத்தா ராட்சசன் ஆகிவிடுவார். தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் அரை மீட்டருக்கு மேலேயும் இருக்கலாம், குறைய வாய்ப்பில்லை.

தச்சர் தம்பி சொன்ன வாச்சி இந்த அளவிலேயே அடிபட்டுப் போகிறது, அது ஒரு கையில் பிடிக்கிற சின்னக் கைப்பிடி.

தென்மலை மரவேலை
வீட்டு வாச்சி சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்லீப்பர் செதுக்க நின்றுகொண்டே வீசுகிற நீளக் கைப்பிடி வாச்சி இருந்ததே?

பழைய தண்டவாளம்
இருந்தது, அதை நான் மறுக்கவில்லை, அது நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் நிற்பது இரும்பு ஸ்லீப்பர் மேல். இரும்பில் என்னத்தைச் செதுக்குவது? வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் வழியில் நின்றார்கள் என்று வேண்டுமானால் வாதாடலாம். அதனால் இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல மாட்டேன். வாச்சியின் மறுமுனை இவ்வளவு நீளமான கூராகப் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது குந்தாலியா, நான் நினைப்பதா என்பதுதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, கைப்பிடியும் ஒன்று போலத்தான், ஸ்கேல் இனி உதவாது. அந்தக் கட்டை முனைதான் பேச வேண்டும். தாத்தாவை விடுங்கள், மற்ற ஐந்து பேர் கையைப் பாருங்கள். அதே சாமானை வேறு யாராவது முகத்தை நமக்குக் காட்டிப் பிடித்திருக்கிறார்களா?

புளியரைப் பேத்தி
இருக்கிறது!! இடதிலிருந்து இரண்டாவது ஆள். தலையைத் தோள் பக்கம் வைத்து, கட்டை முனையை நேராக நம் பக்கம் திருப்பியிருக்கிறார். ஒல்லியான தண்டு வந்து கடைசியில் குறுக்கே ஒரு பட்டை வைத்த மாதிரி, இங்கிலீஷ் T எழுத்து போல. இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறுக்குப் பட்டையின் விளிம்பு மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. எண்ணிப் பார்த்தால் நான்கு பேர் கையில் இதே சாமான். ஐந்தாவது ஆள் கையில் மம்பட்டி. இடது கடைசி ஆள் கையில் இருப்பதில் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது.

பழைய தண்டவாளம்
அது பீட்டர். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணித்து இறுக்குகிற சாமான். கூர் முனையால் இறுகிப்போன ஜல்லியைக் கிளறி விடுவார்கள், T முனையால் அதை ஸ்லீப்பருக்கு அடியில் தள்ளி அடிப்பார்கள். வாய் கூர்மையாக இருந்தால் கல் உடையும், தள்ளாது, அதனால்தான் அது மழுங்கலாகவும் அகலமாகவும் இருக்கிறது. கல்லோடு நாள் முழுக்க உரசுவதால் விளிம்பு மின்னுகிறது.

நான்கு பேர் என்றீர்களே, அதுவும் பொருந்துகிறது. பீட்டர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய மாட்டார்கள். இரண்டு பேர் முதுகுக்கு முதுகு நின்று, தண்டவாளம் உட்காரும் இடத்துக்கு அடியில் எதிரெதிர் மூலையிலிருந்து ஒரே நேரத்தில் அடிப்பார்கள், ஒருவர் தள்ளுகிற கல் மறுபக்கம் பிதுங்கி வெளியே வராமல் இருக்க. மீட்டர் கேஜில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் 350 மி.மீ. வரைதான் இறுக்குவார்கள். ஸ்லீப்பரின் நடுவை இறுக்கிவிட்டால் அது நடுவில் முட்டுக் கொடுத்து நிற்கும், வண்டி ஏறும்போது இரண்டு முனையும் ஆடும். பீட்டரை நெஞ்சுக்கு மேல் தூக்கவும் கூடாது. மேலிருந்து ஓங்கி வெட்டினால் அது குந்தாலி வேலை, கல்தான் நொறுங்கும். புதிதாக வந்த பையன்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், மேஸ்திரியிடம் திட்டும் வாங்குவார்கள்.

கடையநல்லூர் பட்டறை
நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை அண்ணாச்சி. குந்தாலியின் பட்டை முனை அடி வாங்கி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதை நானே எத்தனையோ பார்த்துத் தட்டிச் சரி செய்திருக்கிறேன். அதுவும் T மாதிரிதான் தெரியும்.

பழைய தண்டவாளம்
பிதுங்கினால் உதடு கோணல்மாணலாக, ஓரம் பிசிறாக இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வராது. நான்கு பேர் சாமானும் ஒரே மாதிரியா பிதுங்கும்? அதோடு, மண் கொத்துகிற வாய் தேய்ந்து மூலை உருண்டு போகும், அகலம் குறையும். உங்கள் பட்டறைக்குப் பிதுங்கி வருவது யாரோ அதன் தலையில் சம்மட்டியால் அடித்ததாக இருக்கும், இல்லையா?

கடையநல்லூர் பட்டறை
அது வாஸ்தவம். கல்லில் செருகி வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள், எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்று, எங்கள் பக்கம் அந்தச் சாமானைக் கூர் தட்டக் கொண்டுவந்தால் அதையும் குந்தாலி என்றுதான் சொல்லுவோம். பேர் பட்டறைக்குப் பட்டறை மாறும். படத்துக்குக் கீழே எதை எழுதினாலும் ஊர்க்காரன் குந்தாலி என்றுதான் படிப்பான்.

தென்மலை மரவேலை
எங்கள் பக்கம் மலையாளத்திலும் கூந்தாலி, பிக்காஸ் இரண்டும் ஓடும். புனலூரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

புளியரைப் பேத்தி
புனலூர் அத்தையிடம் போனில் கேட்டேன். T முனை என்று சொன்னதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஆச்சி அடிக்கடி "விடியுமுன்னே பீட்டரத் தூக்கிட்டுப் போயிட்டாரு" என்று சொல்வாராம். பீட்டர் என்று தாத்தாவோடு வேலை செய்கிற ஒரு ஆள் இருக்கிறார், பாவம் நடக்க முடியாதவர் போல, தாத்தாதான் தினமும் தூக்கிக்கொண்டு போகிறார் என்று அத்தை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கீழே பீட்டர் என்றே எழுதுகிறேன். இடது கடைசி ஆள் கையில் இருப்பதை மட்டும் யாராவது பாருங்கள், கைப்பிடியும், தலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பல் மாதிரியும் தெரிகிறது.

பழைய தண்டவாளம்
பல் என்றால் ஜல்லி அள்ளுகிற முள்கரண்டியாக இருக்கலாம். பாதிதான் தெரிகிறது என்கிறீர்கள், சத்தியம் பண்ண மாட்டேன். நெகட்டிவ் எங்காவது கிடக்கிறதா பாருங்கள், பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டியிருப்பார்கள்.