உதவி: அறிவித்த வெற்றியாளர் என் அட்டவணையில் நான்காவது, எங்கே இடிக்கிறது?

கத்ர் போர்ன் வாசகர்
எங்கள் சங்க மலருக்காக மொரீஷியஸ் தேர்தலில் ஒரு தொகுதியின் முடிவை, வாக்கு எண்ணிய அறைவாரியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தொகுதியில் முதல் மூன்று பேர் ஜெயிப்பார்கள். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் எண்ணிக்கையின்போது எழுதிவைத்த தாள்களை ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பினார். தொகுதி தெரியாதபடி எண்களை மாற்றிப் போட்டிருக்கிறேன், வித்தியாசங்கள் மட்டும் அசலே.

பதிவான வாக்காளர் 40,000. பெட்டிகளில் இருந்த சீட்டுகள் 31,600. செல்லாதவை 400. வேட்பாளர்கள் எல்லோருடைய வாக்கையும் கூட்டினால் 93,300. மூன்றாம் இடத்தில் அ 14,905, நான்காவதாக ஆ 14,690. ஆனால் அறிவிப்பில் ஆ தான் மூன்றாவது, 85 வாக்கில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். வாக்குப்பதிவு 79 சதவீதம் மட்டும் பொருந்துகிறது.

ரோஸ் ஹில் தம்பி
அண்ணா, இங்கே ஒரு சீட்டில் மூன்று பேருக்குப் போட வேண்டும். அதனால் 93,300-ஐ 3-ஆல் வகுங்கள், 31,100 வரும். சீட்டு 31,600. அப்படியானால் செல்லாதவை 500. 400 என்பது எழுத்துப்பிழை, திருத்திவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

பாம்ப்ளமூஸ் அக்கா
நான்காவதாக வந்தவர், தோற்றவர்களுக்கு ஒதுக்கும் பெஸ்ட் லூசர் இடத்தில் உள்ளே போயிருப்பார். எட்டு இடம் இருக்கிறதே. எங்கள் தொகுதியிலும் முன்பு இதே குழப்பம் வந்தது.

கத்ர் போர்ன் வாசகர்
அக்கா, அது முடிவு அறிவித்த பிறகு தனியாக ஒதுக்குவது. இது தொகுதியிலேயே நேராக ஜெயித்த அறிவிப்பு.

பழைய கணக்கர்
தம்பி 3-ஆல் வகுத்தது சரி. செல்லாததைத் திருத்தச் சொன்னதுதான் ஆபத்து. மூன்றுக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ குறியிட்ட சீட்டு முழுவதுமாகச் செல்லாது. எனவே செல்லும் சீட்டு ஒவ்வொன்றும் சரியாக மூன்று வாக்கைத் தந்தாக வேண்டும். 31,600-இல் 400 போக 31,200 சீட்டு, அதற்கு 93,600 வாக்கு. உங்களிடம் 300 குறைகிறது. 93,300-உம் 3-ஆல் மீதியின்றி வகுபடுவதால்தான் அது 100 சீட்டுபோல் தெரிகிறது. ஒரே வேட்பாளரின் ஓர் எண்ணிலேயே அந்த 300 விழுந்திருக்கலாம்.

இன்னொன்று பாருங்கள். உங்கள் தாளில் அ 215 வாக்கு முன்னே, அறிவிப்பில் ஆ 85 முன்னே. இரண்டையும் கூட்டினால் 300. ஆ-வின் கணக்கில்தான் 300 விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவேன். வாக்குப்பதிவு சதவீதம் இதைக் காட்டிக்கொடுக்காது. அது சீட்டுகளை வாக்காளர்களால் வகுப்பது, யாருக்கு எத்தனை விழுந்தது என்பதைத் தொடுவதே இல்லை.

மொத்தத்தில் தேடாதீர்கள், அறை அறையாகப் போங்கள். B-யில் சீட்டு, C-யில் செல்லாதவை, D முதல் K வரை வேட்பாளர்கள் என்று வைத்துக்கொண்டு:

```
=3*(B2-C2)-SUM(D2:K2)
```

பூச்சியம் வராத அறைதான் குற்றவாளி.

ரோஸ் ஹில் தம்பி
இலக்கம் இடம் மாறியிருந்தால்? 2,148-ஐ 2,184 என்று அடிப்பதுபோல.

பழைய கணக்கர்
அப்படி நடந்தால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். 300 வகுபடாது. நூற்றிடத்தில் ஓர் இலக்கம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

கத்ர் போர்ன் வாசகர்
நான்காம் அறையில் 300 நிற்கிறது, மற்றவை எல்லாம் பூச்சியம். அங்கே 6,350 சீட்டு, செல்லாதவை 90. ஆகவே 18,780 வாக்கு இருக்க வேண்டும், 18,480 இருக்கிறது. தாளின் படத்தைக் கேட்டு வாங்கினேன். ஆ-வுக்கு 2,448 என்று எழுதியதைத் தட்டச்சில் 2,148 ஆக்கியிருக்கிறார்கள், 4-இன் மேல்கோடு தாளின் மடிப்பில் மறைந்திருந்தது. திருத்தினால் ஆ 14,990, அ-வைவிட 85 கூடுதல்.

பாம்ப்ளமூஸ் அக்கா
அப்போ பூச்சியம் வந்தால் எண்ணிக்கையே சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய கணக்கர்
இல்லை அக்கா. எண்ணும்போதே அ-வின் வாக்கை ஆ-வின் கோட்டில் போட்டுவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, பூச்சியமே வரும். செல்லும் சீட்டைச் செல்லாததோடு வைத்தாலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும். அதைக் கண்டுபிடிக்கச் சீட்டுகளையே மறுபடி எண்ண வேண்டும். 2019 தேர்தலில் 19-ம் தொகுதிக்கு நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது நினைவிருக்கும். தாளை வைத்து நாம் செய்வது கூட்டல் சரிபார்ப்பு மட்டும்.

ரொட்ரீக் மாமா
எங்கள் தீவில் இரண்டு பேருக்குத்தான் போடுவோம். எங்கள் முடிவுக்கு இதைப் போடுபவர்கள் அந்த 3-ஐ 2 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லா அறையும் தப்பாகத் தெரியும்.

கத்ர் போர்ன் வாசகர்
நன்றி மாமா. கடைசியாக ஒன்று: ஆ-வின் விகிதத்தை எப்படிப் போடுவது? செல்லும் சீட்டால் வகுத்தால் 48.0, மொத்த வாக்கால் வகுத்தால் 16.0.

பழைய கணக்கர்
நான் 48 போடுவேன். செல்லும் சீட்டு போட்டவர்களில் எத்தனை பேர் அவரைத் தேர்ந்தார்கள் என்று அது சொல்கிறது.

ரோஸ் ஹில் தம்பி
எல்லாருடைய விகிதத்தையும் கூட்டினால் 300 வருமே! படிப்பவர்கள் சும்மா விடுவார்களா? 16 தான் நல்லது.