பேச்சுத் தமிழ்ப் பாடத்துக்கு ‘எழுத்து’ கட்டத்தில் என்ன போடுவது?

டோட்முண்ட்காரி:
யேர்மனியில் எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதைத்தல் வகுப்பு நடத்துகிறோம். 64 ஒலிப்பதிவுகள் சேர்ந்துவிட்டன. இனி எல்லாவற்றையும் விரிதாளில் பதிந்து இணையத்தில் ஏற்ற வேண்டும். வயது, பாட எண், மொழி, எழுத்து என்று நாலு கட்டம் வைத்திருக்கிறேன். வயதுக்கு 5-7 என்று போடுவதா, ‘நிலை 1’ என்று போடுவதா? கதைக்கிற வகுப்புக்கு ‘எழுத்து’ என்று என்னத்தை எழுதுவது? ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் ஒரு தாள் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அதையே இலத்தீன் எழுத்தில் எழுதிய இன்னொரு தாளும் இருக்கிறது.

டல்லாஸ் வாத்தியார்:
கதை சொல்லும் வகுப்பு என்றால் வகை என்று ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு ‘சிறுகதை’ என்று கொடுத்துவிடுங்கள், தேடுபவர்களுக்கு உதவும். மொழிக் குறியீடு சுலபம். ஜெர்மனியில் இருப்பதால் ta-DE. இலங்கைத் தமிழ் என்று காட்ட ஆசைப்பட்டால் ta-SL-Latn என்று எழுத்தையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். தனியாக எழுத்துக் கட்டமே தேவையில்லை.

டோட்முண்ட்காரி:
ஐயோ சேர், கதைத்தல் என்றால் பேசுவது. கதை சொல்வது இல்லை!

டல்லாஸ் வாத்தியார்:
அட, மன்னிக்கவும். நான் தஞ்சாவூர்க்காரன். ‘கதைக்கிறார்’ என்றால் எங்கள் ஊரில் புருடா விடுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் தலைப்பில் ‘பேச்சுத் தமிழ்’ என்று போடுவது நல்லது.

பட்டியல்காரர்:
முப்பது வருடம் நூலகத்தில் பட்டியல் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வாத்தியார் கொடுத்த குறியீட்டில் இரண்டு பிழை இருக்கிறது.

SL என்பது சியரா லியோன். இலங்கைக்கு LK. இது பலருக்கும் வரும் தடுமாற்றம்தான். ஆனால் இதை யாரும் பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் ta-SL என்பது வடிவத்தில் சரியான குறியீடு. ஆப்பிரிக்காவில் பேசும் தமிழ் என்று பதிவாகிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாவது பிழை வரிசை. முதலில் மொழி, அடுத்து எழுத்து, அதன் பின்தான் நாடு. அதாவது ta-Latn-LK. நாட்டுக்குப் பின்னால் Latn வந்தால் சரிபார்க்கும் மென்பொருள் தள்ளிவிடும். நல்ல வேளையாக இதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

ta-DE வேண்டாம். நாட்டுக் குறி கேட்கிற பிள்ளை வசிக்கும் நாட்டைச் சொல்வதில்லை, அந்தப் பேச்சு எந்த ஊருடையது என்பதைச் சொல்கிறது. உங்கள் ஒலிப்பதிவில் ‘வாங்கோ’, ‘கடைக்குப் போவம்’ என்று வருகிறதா? அப்படியானால் ta-LK. பிள்ளை டோட்முண்டில் கேட்டாலும் மெல்பேர்னில் கேட்டாலும் அதேதான்.

எழுத்துக் கட்டத்தில்தான் உண்மையான சிக்கல். நீங்கள் மூன்று பொருளை ஒரே வரிசையில் அடைக்கப் பார்க்கிறீர்கள். ஒலிப்பதிவு ஒன்று, தமிழ்த் தாள் ஒன்று, இலத்தீன் தாள் ஒன்று. எழுத்து தாளுக்கு உண்டு, ஒலிக்கு இல்லை. மூன்றுக்கும் தனித்தனி வரிசை கொடுத்து, ஒரே பாட அடையாளத்தால் கட்டிவிடுங்கள். ஒலிக்கு ta-LK. தமிழ்த் தாளுக்கும் அதே ta-LK போதும், தமிழ் என்றால் தமிழ் எழுத்துத்தான் என்பது மொழிக் குறியீட்டுப் பதிவேட்டிலேயே இருக்கிறது, Taml என்று சேர்க்கத் தேவையில்லை. இலத்தீன் தாளுக்கு மட்டும் ta-Latn-LK.

பனங்கிழங்கு:
எழுத்துரு பற்றி யாருமே சொல்லவில்லையே? எங்கள் ரொறன்ரோ பள்ளிக்கூடத்தில் பழைய தாள் முழுக்கப் பாமினியில் இருக்கிறது. அக்கா, எழுத்துக் கட்டத்தில் ‘பாமினி’ என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

பட்டியல்காரர்:
தம்பி, இது எழுத்துருவைப் பற்றிய பேச்சு இல்லை.

பனங்கிழங்கு:
இல்லை ஐயா, கொஞ்சம் கேளுங்கோ. அந்தத் தாளை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா என்பது இப்படித் தெரியும்:

```
mk;kh
```

கோப்பில் உண்மையாகக் கிடப்பது இந்த ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் என்று குறியிட்டு ஏற்றினால் ‘அம்மா’ என்று தேடுகிற யாருக்கும் அகப்படாது. எங்கள் ஆசிரியை ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இதுதான் இலத்தீன் தாள் என்று நினைத்து Latn என்று போட்டுவிட்டார். அதை வாசிக்க வெளிக்கிட்ட பிள்ளைகள் பாவம்.

பட்டியல்காரர்:
சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இது இங்கே பொருந்தும். டோட்முண்ட் அம்மா, உங்கள் தமிழ்த் தாள்கள் பாமினியில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், குறியீடெல்லாம் அதற்குப் பிறகு. சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து மின்னஞ்சல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக வந்தால் மாற்ற வேண்டிய தாள்.

டோட்முண்ட்காரி:
ஒட்டிப் பார்த்தேன். முதல் 20 தாளும் பாமினி!

இலத்தீன் தாளில் இன்னொரு தலையிடி. லண்டனில் இருக்கிற என் தங்கைதான் அவற்றை எழுதினாள். ‘வாங்கோ’ என்பதை vaango என்று எழுதியிருக்கிறாள். எங்கள் பிள்ளைகள் டொச் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள், v என்றால் அவர்களுக்கு ஃப. எல்லாரும் ‘ஃபாங்கோ’ என்று வாசிக்கிறார்கள். pazham என்பதை ஒருவன் ‘பட்ஸம்’ என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

டல்லாஸ் வாத்தியார்:
இதற்குத்தான் ISO 15919 என்ற ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறதே. அதில் எழுதிவிட்டால் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் ஒரே தாள், எந்தக் குழப்பமும் இல்லை.

மதுரை மல்லி:
வாத்தியார் சார், அதில் பழம் என்பது paḻam என்று வரும். அடிக்கோடு போட்ட l ஒன்றை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் ‘ழ’ என்ற எழுத்தையே சொல்லிக் கொடுத்துவிடலாம். அது ஆய்வாளர்களுக்கானது, எழுத்துக்கு எழுத்து. பேச்சு அதில் சரியாக வராது. க என்பது ‘கடை’யிலும் ‘தங்கம்’ என்ற சொல்லிலும் வேறு வேறாக ஒலிக்கிறது, அந்த முறையில் இரண்டும் k தான்.

பட்டியல்காரர்:
மல்லி சொல்வது சரி. ஆகவே ta-Latn-LK என்பது பாதி உண்மைதான். எந்த நாட்டுப் பிள்ளை வாசிப்பதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சொந்தக் குறி சேர்க்க இடம் இருக்கிறது. x என்று போட்டு அதன் பின் எட்டு எழுத்துக்கு மேற்படாமல் ஒரு சொல். டொச்சில் படிக்கும் பிள்ளைகளுக்கு waango என்று எழுதிய தாள் ta-Latn-LK-x-deutsch. தங்கையின் தாளை அழிக்காதீர்கள், அதற்கு x-english. மென்பொருளுக்கு x க்குப் பின்னால் இருப்பது விளங்காது, பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மனிதர்களுக்கு விளங்கும்.

மதுரை மல்லி:
வயதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் பெண்ணுக்கு 11 வயது, தமிழ் பேசுவது சுத்தமாக வராது. ஒரு தளத்தில் முதல் பாடத்தைத் திறந்தால் மேலே ‘வயது 5-6’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூடியவள்தான், திரும்பத் திறக்கவில்லை. வயதையே எடுத்துவிடுங்கள், நிலை மட்டும் போதும்.

டல்லாஸ் வாத்தியார்:
எடுக்கக் கூடாது. பெற்றோர் வயதைத்தான் தேடுவார்கள். ‘நிலை 2’ என்றால் யாருக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு பள்ளியிலும் நிலை 2 வேறு.

பட்டியல்காரர்:
இரண்டும் இருக்கட்டும், வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பேச்சு எவ்வளவு கடினம் என்பதை நிலை சொல்லட்டும், பேசும் விஷயம் யாருக்கு ஏற்றது என்பதை வயது சொல்லட்டும். பல் விளக்குவது பற்றிய பாடமும் கைப்பேசியில் நண்பரிடம் பேசும் பாடமும் ஒரே முதல் நிலையில் இருக்கலாம். முதலாவது 5-7, இரண்டாவது 10-13. மல்லியின் பெண்ணுக்கு இரண்டாவது. பாட்டியோடு வளர்ந்து நன்றாகப் பேசும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைத் திருப்பிப் பாருங்கள், நிலை 3, வயது 5-7. அப்படிப் பாடம் உங்களிடம் இருக்கிறதா என்பதும் விரிதாளை வடிகட்டினால் தெரிந்துவிடும். மேல் எல்லை வேண்டாம் என்றால் 11- என்று விட்டாலும் செல்லும்.

மதுரை மல்லி:
வடிகட்டுவதற்கு வயது இருக்கட்டும். பிள்ளை பார்க்கும் பக்கத்தில் மட்டும் காட்டாதீர்கள்.

பனங்கிழங்கு:
பாட எண்ணிலும் கவனம். நாங்கள் 12ஆம் பாடம் நீளம் என்று இரண்டாக உடைத்தோம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒன்று தள்ளியது. விரிதாளில் திருத்திவிடலாம், ஆனால் ஒலிப்பதிவில் ஆசிரியை ‘வணக்கம் பிள்ளைகள், இது பதின்மூன்றாம் பாடம்’ என்று சொல்லிக்கொண்டே தொடங்குகிறாரே!

டோட்முண்ட்காரி:
எங்களுடையதிலும் அப்படித்தான் தொடங்குகிறது... அந்த முதல் வரியை வெட்ட வேண்டும்போல.

பட்டியல்காரர்:
வெட்டிவிடுங்கள். இனிப் பதிவதில் எண்ணைச் சொல்லாமல் பாடத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்று கொடுங்கள், kt-0047 போல. பாட எண் வேறு கட்டம், அது எத்தனை தடவையும் மாறலாம். பாமினிக்காரத் தம்பியின் பிரச்சினை இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தது. உங்கள் பாடம் ஒன்று இப்படி அமையும்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "LearningResource",
  "identifier": "kt-0047",
  "name": "கடைக்குப் போவம்",
  "position": 13,
  "educationalLevel": "நிலை 1",
  "typicalAgeRange": "10-13",
  "inLanguage": "ta-LK",
  "hasPart": [
    {"name": "தமிழ்த் தாள்", "inLanguage": "ta-LK"},
    {"name": "இலத்தீன் தாள்",
     "inLanguage": "ta-Latn-LK-x-deutsch"}
  ]
}
```

டல்லாஸ் வாத்தியார்:
ஒரு ஆட்சேபணை. ஒலிக்கு எழுத்தே போடாமல் விடுகிறீர்கள். நாளைக்கு விரிதாளைப் பார்க்கும் ஒருவர், எழுத்துக் கட்டம் காலி என்றால் மறந்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்? எழுதப்படாதது என்பதற்கு Zxxx என்று குறியே இருக்கிறது. அதைப் போடலாமே.

பட்டியல்காரர்:
இருக்கிறது. ஆனால் கோப்பு mp3 என்றாலே அது ஒலி என்று தெரிகிறதே. ta-Zxxx-LK என்று போட்டால் ta-LK என்று தேடும் சில கருவிகளுக்கு அது அகப்படாமல் போகலாம்.

டல்லாஸ் வாத்தியார்:
விரிதாளில் மட்டுமாவது Zxxx போடலாம். வெற்றுக் கட்டம் என்றால் எனக்கு நம்பிக்கையில்லை.

பட்டியல்காரர்:
அது உங்கள் வீட்டு வழக்கம், நான் தடுக்கவில்லை.

பனங்கிழங்கு:
LK என்றும் ஒன்று போட்டாயிற்று. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் ஒரே LK தானா? எங்கள் வகுப்பில் மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று ‘இப்படி ஒருவரும் கதைக்கிறதில்லை’ என்று சண்டை பிடிக்கிறது.

டோட்முண்ட்காரி:
தம்பி, அதற்கும் x-yazh என்று போட்டுப் பார்க்கலாம். ஆனால் எங்கள் பதிவில் ஆசிரியைகள் மூன்று பேர், ஒருவர் திருகோணமலை. எந்தப் பாடத்தில் யார் கதைக்கிறார் என்று நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. 64ஐயும் திரும்பக் கேட்கத்தான் வேண்டும். முதலில் அந்த 20 பாமினித் தாளை முடித்துவிட்டு வருகிறேன்.